வாய்ப்பாடு ஒப்பிக்காம தமிழ் வினைச்சொல் பழகறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு மொட்டமாடில வாரத்துக்கு மூணு சாயங்காலம் பேச்சுத்தமிழ் சொல்லித்தரேன். வர்றவங்க எம்.சி. ரோடு துணிக்கடைங்கள்ல நிக்கற பீகார், ஒடிசா பசங்க, சவுகார்பேட்டைக்குக் கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க, மணலி பக்கம் கம்பெனில வேலை பாக்கறவங்க. ஆனா இந்தக் கேள்வி எல்லாம் அவங்க கேட்டது கம்மி, அவங்களைக் கூட்டிட்டு வந்து விடற நம்ம ஆளுங்க கேட்டதுதான் அதிகம், கடை ஓனர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரங்க. ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். நமக்குத் தமிழ் பொறந்ததுல இருந்து வாய்ல இருக்கறதால உள்ள என்ன ஒழுங்கு இருக்குன்னு நாம பாத்ததே இல்ல, அதான் சொல்லித்தரும்போது தடுமாறறோம்.

அக்கா, ஒரு நோட்டுல வந்தேன், வந்தான், வந்தாங்கன்னு எல்லாத்தையும் கட்டம் போட்டு எழுதிக் குடுத்துட்டேன், பையன் மனப்பாடம் பண்ணிடுவான்ல?

பண்ணுவான், ஆனா வாடிக்கையாளர் எதிர்ல நிக்கும்போது அது வாய்ல வராது. ஏன்னா கட்டத்தை மனப்பாடம் பண்ணவன் மேல இருந்து கீழ வரிசையா ஒப்பிச்சாதான் "வந்தாங்க"வுக்கு வந்து சேர முடியும், அதுக்குள்ள பேச்சு எங்கயோ போயிடும்.

கணக்கையும் பாருங்க. நான், நீ, நீங்க, அவன், அவ, அவரு, அவங்க, நாங்க, அது, மொத்தம் ஒம்போது. மூணு காலம். ஒரு வினைக்கு 27 வடிவம், இருபது வினைக்கு 540. இதையே ஒழுங்கு புரிஞ்சு படிச்சா ஒரு வினைக்கு ரெண்டே ரெண்டு வடிவம், அதாவது இருபது வினைக்கு நாப்பது, அதோட எல்லாத்துக்கும் பொதுவான முடிவு ஒரு பதினொண்ணு. அந்த ரெண்டு வடிவம் எதுன்னு கீழ சொல்றேன், அதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான விஷயம்.

சரி, அப்போ மொதல் நாள் எந்த வார்த்தை?

"பேசு". எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. பேசறேன், பேசுனேன், பேசுவேன். நடுவுல ற வந்தா இப்போ, ன வந்தா நேத்து, வ வந்தா நாளைக்கு. கடைசில இருக்கற "ஏன்" மூணுலயும் மாறவே இல்ல பாத்தீங்களா, அது "நான்"ங்கறதுக்கான முத்திரை. அதை எடுத்துட்டு ஆங்க போட்டா பேசறாங்க, பேசுனாங்க, பேசுவாங்க. ஈங்க போட்டா பேசறீங்க, பேசுனீங்க, பேசுவீங்க. ஓம் போட்டா நாங்க. இப்படி "அது"வைத் தவிர மத்த எட்டு பேருக்கும் ஒவ்வொரு முடிவு, இந்த எட்டு முடிவும் எந்த வினைலயும் எந்தக் காலத்துலயும் மாறாது. "அது" மட்டும் தனி ஜாதி, பேசுது, பேசுச்சு, பேசும்னு மூணு காலத்துக்கும் மூணு வால், அதைச் சேத்துதான் மேல பதினொண்ணுன்னு சொன்னேன்.

பேசு மாதிரியே போறது ஏகப்பட்டது இருக்கு: ஓடு, வாங்கு, தூங்கு, பாடு, எழுது, காட்டு, அனுப்பு, கட்டு, மூடு, தேடு. எல்லாம் உ-ல முடியுது. இன்னொரு பெரிய லாபம் "பண்ணு"வும் இதே கூட்டம்தான். போன் பண்றேன், பேக் பண்ணுவேன், டெலிவரி பண்ணுவாங்க, இங்கிலீஷ் வார்த்தை எதை வேணா முன்னாடி ஒட்டிக்கலாம். கடைப் பசங்க ஒரே வாரத்துல பாதி வேலையை இதை வச்சே பேசிடறாங்க.

முடிவை மட்டும் தனியா எழுதிப் போட்டா அதுவும் ஒரு வாய்ப்பாடுதானே, என்ன வித்தியாசம்?

எழுதிப் போட்டா வாய்ப்பாடுதான், அதனால எழுதிப் போடாதீங்க. ஆளை மாத்தாம வினையை மாத்துங்க. மொதல் நாள் முழுக்க "நான்" மட்டும்: நான் பேசறேன், நான் வாங்கறேன், நான் எழுதறேன், நான் அனுப்பறேன், நான் கட்டறேன். பத்து வினை, ஒரே முடிவு. அடுத்த நாள் "நீங்க", கேள்வியாவே: வாங்கறீங்களா, அனுப்பறீங்களா, எழுதறீங்களா. அதுக்கு அவங்க பதில் சொல்லும்போது தானா "அனுப்பறேன்"னு திரும்பி வரும். மூணாவது நாள் "அவங்க".

இந்த மூணுதான் மொதல்ல. அவன், அவ, நீ எல்லாம் அப்புறம். காரணம் மரியாதை. புதுசா வந்த பையன் ஓனரைப் பத்தி "அவன் பேசறான்"னு சொல்லிட்டு அறை வாங்காத குறையா நின்னதைப் பாத்திருக்கேன். "அவங்க"ன்னு யாரைச் சொன்னாலும் யாருக்கும் வருத்தம் வராது.

படி, குடி, எடு எல்லாம் பேசு மாதிரி வரலையே?

வராது, இது ரெண்டாவது கூட்டம். இங்க எல்லாமே அழுத்தமா வரும். பேசறேன்ல ஒத்தை ற, ஆனா படிக்கறேன்ல க்க வந்து உக்காந்துக்குது. பேசுவேன்ல வ, ஆனா படிப்பேன்ல ப்ப. குடிக்கறேன், குடிப்பேன். எடுக்கறேன், எடுப்பேன். நடக்கறேன், நடப்பேன். க்க இருந்தா ப்ப வரும், க்க இல்லைன்னா வ வரும். "படிக்குவேன்"னோ "பேசுப்பேன்"னோ நம்ம ஊர்ல யாரும் சொல்றதில்ல. முடிவு அதே எட்டுதான்.

ஒரு புது வினை காதுல விழுந்தா அது எந்தக் கூட்டம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நமக்கே சொல்லத் தெரியலையே.

"ணும்" போட்டுப் பாக்கச் சொல்லுங்க. பேசணும், வாங்கணும், எழுதணும், க்க இல்ல, அப்போ ற, வ. படிக்கணும், குடிக்கணும், நடக்கணும், பாக்கணும், கேக்கணும், நிக்கணும், க்க இருக்கு, அப்போ க்கற, ப்ப: பாக்கறேன் பாப்பேன், கேக்கறேன் கேப்பேன், நிக்கறேன் நிப்பேன். நிக்கணும், கேக்கணும் எல்லாம் எழுத்துல நிற்க, கேட்கன்னு வேற மாதிரி இருக்கும், ஆனா பேச்சுல எல்லாம் க்க ஆயிடறதால கத்துக்கறவனுக்கு வேலை சுலபமாயிடுது.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, "ணும்" நாம நாள் முழுக்க சொல்ற வார்த்தை. இதை எடுக்கணும், அங்க வைக்கணும், பில்லு போடணும். கடைல நிக்கறவன் காதுல அதுதான் விழுந்துட்டே இருக்கும். புதுசா ஒரு வேலை வந்தா "இதுக்கு என்ன ணும்?"னு கேக்கப் பழக்கிட்டேன், எதிர்ல இருக்கறவங்களுக்கு இலக்கணமே தெரியாட்டியும் பதில் சரியா சொல்லிடுவாங்க.

இறந்தகாலம்தான் கஷ்டம். நடந்தேன், படிச்சேன், எடுத்தேன், போட்டேன்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. அதுக்கு என்ன வழி?

இதுதான் மேல சொன்ன அந்த ரெண்டு வடிவத்துல ரெண்டாவது. எந்த வினையையும் ஒத்தையா நோட்டுல எழுத விடாதீங்க, ஜோடியா எழுதச் சொல்லுங்க: ணும் ஒண்ணு, "நேத்து நான்" ஒண்ணு. பேசணும் பேசுனேன். நடக்கணும் நடந்தேன். போடணும் போட்டேன். இந்த ஜோடி கைல இருந்தா மத்தது எல்லாம் அவங்களே செஞ்சுக்கலாம்.

எங்க பேட்டை வார்த்தையையே எடுத்துக்குவோம், துவை. துவைக்கணும், துவைச்சேன். மொதல் வடிவத்துல "ணும்"ஐ எடுத்துட்டா துவைக்க. அதுல இருந்து துவைக்கறேன், துவைப்பேன், துவைக்கலாம், துவைக்க முடியாது, துவைக்க மாட்டேன், துவைக்கல. கடைசி ஒண்ணைக் கவனிங்க, "துவைக்கல" நான், நீ, அவங்க எல்லாருக்கும் ஒண்ணுதான், முடிவே கிடையாது, நேத்து செய்யலன்னாலும் அதேதான். அதனால இந்த "இல்லை" வடிவத்தை நான் ரெண்டாவது வாரமே குடுத்துடறேன். இப்போ ரெண்டாவது வடிவம் துவைச்சேன். அதுல இருந்து துவைச்சான், துவைச்சாங்க, துவைச்சுட்டேன், துவைச்சா வெளுக்கும், துவைச்ச துணி. புத்தகத்துல இது ஒவ்வொண்ணும் ஒரு தனிப் பாடமா இருக்கும். இங்க எல்லாமே ஒரே வேர்ல இருந்து முளைக்குது.

ஒரு இடத்துல மட்டும் வழி மாறும். "துவைச்சு"ன்னு உ-ல முடியறது பேசு கூட்டத்துல இ-ல முடியும்: பேசி, வாங்கி, எழுதி. அதனால துவைச்சுட்டேன், ஆனா பேசிட்டேன். அவ்ளோதான்.

படிச்சேன்ல ச்ச, எடுத்தேன்ல த்த, நடந்தேன்ல ந்த. இதையாவது மனப்பாடம் பண்ணித்தானே ஆகணும்?

முக்கால்வாசி வேண்டாம். கட்டளையா சொல்லிப் பாருங்க, கடைசில என்ன உயிர் ஒலி வருதுன்னு கேளுங்க. க்க கூட்டத்துக்குள்ள, இ-லயோ ஐ-லயோ முடிஞ்சா ச்ச: படி, குடி, சிரி, குளி, சமை, வை, தை, இதுக்கெல்லாம் படிச்சேன், குடிச்சேன், சிரிச்சேன், குளிச்சேன், சமைச்சேன், வச்சேன், தைச்சேன். உ-ல முடிஞ்சா த்த: எடு, குடு, படு, தடு, எடுத்தேன், குடுத்தேன், படுத்தேன், தடுத்தேன். அ-ல முடிஞ்சா ந்த: நட, பற, மற, திற, அள, நடந்தேன், பறந்தேன், மறந்தேன், திறந்தேன், அளந்தேன். "இரு", "கேளு", "நில்லு" மாதிரி சிலது உ-ல முடிஞ்சும் இருந்தேன், கேட்டேன், நின்னேன்னு போகும், ஆனா அதெல்லாம் தினமும் அம்பது தடவை வர்ற வார்த்தை, தானா ஒட்டிக்கும்.

காரணம் நாக்குதான். எழுத்துல படித்தேன், இ சொல்லும்போது நாக்கு மேல அண்ணத்துக்கிட்ட போயிடுது, அங்க இருந்தே த-வைச் சொன்னா ச-வா நழுவுது. எடுத்தேன்ல உ இருக்கறதால நழுவறதில்ல. ஒரு எச்சரிக்கை, நாம வேகமா பேசும்போது ஐ கேக்கவே கேக்காது, சமைச்சேனை "சமச்சேன்"னுதான் சொல்றோம். காதால மட்டும் கத்துக்கறவனுக்கு அது அ மாதிரி விழுந்து "சமந்தேன்"னு சொல்லிடுவான். அந்த வினைங்களை மொதல் தடவை மட்டும் நிறுத்தி, சமை, துவை, உடைன்னு ஐ கேக்கற மாதிரி சொல்லுங்க.

வா, போ, இரு, சொல்லு, இதெல்லாம் ஒழுங்கில்லாதது, ஆனா இதுதான் தினமும் வேணும். ஒழுங்கானதுல ஆரம்பிச்சா அதுவரைக்கும் புள்ள ஊமையா இருக்கணுமா?

ஊமையா எதுக்கு இருக்கணும், இதையெல்லாம் முதல் நாள்லயே குடுங்க, ஆனா வினையா குடுக்காதீங்க, முழு வாக்கியமா குடுங்க. "போயிட்டு வர்றேன்", "சாப்டீங்களா", "எவ்ளோ ஆச்சு", "ஸ்டாக்கு இருக்கு", "எனக்குத் தெரியாது", "உள்ள வாங்க". வணக்கம் மாதிரி அப்படியே வாய்ல போடட்டும், உள்ள என்ன இருக்குன்னு பிரிக்க வேண்டாம்.

ஒரு மாசம் கழிச்சு பேசு, படி ரெண்டும் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இதுங்களை ஜோடியா எழுத வைங்க: வரணும் வந்தேன், போகணும் போனேன், சொல்லணும் சொன்னேன். அப்போ அவங்களே ஒண்ணு கண்டுபிடிப்பாங்க, கோணல் எல்லாம் நடுவுலதான், வாலு அதே பழைய வாலு. வந்தேன், வந்தாங்க, வந்தீங்க. ஒழுங்கில்லாததுன்னு நாம பயந்ததுலயும் பாதி ஒழுங்கு இருக்கு, அதைப் பாக்கறதுக்கு மொதல்ல ஒழுங்கான ஒண்ணு கண்ணுல பட்டிருக்கணும்.

எங்க கடைப் பையன் "போடினேன்", "சாப்பிடினேன்"னு சொல்றான். இந்த முறையால தப்பு பழகிடாதா?

இது தப்புதான், ஆனா நல்ல தப்பு. யாரும் அவனுக்கு "போடினேன்"னு சொல்லித்தரல, பேசினேன், ஓடினேன் கேட்டுட்டு அவனே செஞ்சிருக்கான். அப்படின்னா ஒழுங்கு உள்ள இறங்கிடுச்சு. நம்ம வீட்டுக் குழந்தைங்களும் இப்படி ஏதாவது சொல்லிட்டுத்தான் வளருது. கட்டத்தை மனப்பாடம் பண்ணவன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான், பதிலா வாயைத் திறக்காம நிப்பான், எனக்கு அதுதான் கவலை.

திருத்தறதுக்கு நிறுத்தி விளக்க வேண்டாம். "ஓ, போட்டியா? எங்க போட்ட?"ன்னு சரியான வடிவத்தை வச்சே திருப்பிக் கேளுங்க. அப்புறம் இந்த டு-க்கும் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கு. க்க வராத வினைல டு-வுக்கு முன்னாடி குறில் இருந்தா ட்ட ஆயிடும்: விடு விட்டேன், தொடு தொட்டேன், சுடு சுட்டேன். சாப்பிடு, கூப்பிடு, கும்பிடு மூணுலயும் கடைசில இடு ஒளிஞ்சிருக்கு, அதனால சாப்பிட்டேன், கூப்பிட்டேன், கும்பிட்டேன். நெடில் இருந்தா பேசு மாதிரியே: ஓடுனேன், பாடுனேன், தேடுனேன், மூடுனேன். "போடு" மட்டும் நெடில் இருந்தும் போட்டேன்னு போகுது. பையன் சொன்னது ஒழுங்குப்படி சரி, நம்ம பாஷைதான் அங்க வழி மாறியிருக்கு, அதை அவன்கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவான்.

சவுகார்பேட்டைல இருந்து வர்ற எங்க தோழி "நான் பொம்பள, வர்றேன்னுதான் சொல்லணுமா, வேற இல்லையா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஏன்?

இந்தில ஆம்பளை "ஜாதா ஹூன்"னு சொல்லணும், பொம்பளை "ஜாதி ஹூன்"னு சொல்லணும், நான்லயே ஆண் பெண் இருக்கு. அதனால அவங்க தேடறது நியாயம். தமிழ்ல நான், நீ, நீங்க, நாங்க, அவங்க எதுலயும் கிடையாது, அவன் அவ அவருல மட்டும்தான். இதை மொதல் நாளே வாய் விட்டுச் சொல்லிடணும், இல்லைன்னா மாசக்கணக்கா ஒரு இல்லாத முடிவைத் தேடிட்டு இருப்பாங்க. இது சொன்ன அன்னிக்கு ஒரு பொண்ணு முகத்துல வந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

"தூக்கணும்"லயும் க்க இருக்கு. அப்போ உங்க கணக்குப்படி "தூப்பேன்"னுல்ல வரணும்?

சரியான கேள்வி, ணும் விதி சறுக்கற ஒரே இடம் இதுதான். தூக்கணும்ல இருக்கற க்க வந்து ஒட்டுனது இல்ல, வினைக்குள்ளயே பொறந்தது. கட்டளை சொல்லிப் பாருங்க: "தூக்கு!" க்கு அங்கயே இருக்கு. "படி!" "பாரு!" "எடு!" இதுலல்லாம் இல்ல. கட்டளைலயே க்கு இருந்தா அது உ-ல முடியற பேசு கூட்டம், தூக்கறேன், தூக்குனேன், தூக்குவேன்.

இந்த மாதிரி இறக்கு, அடக்கு, கலக்கு, விலக்கு, நீக்கு எல்லாம் இருக்கு. துறைமுகம் பக்கம் லாரில வேலை செய்ற ஒருத்தருக்கு இறக்கு தான் முக்கியமான வார்த்தை, "சரக்கை இறப்பேன்"னு சொல்லிட்டாரு, கேக்கறவங்களுக்கு சாவு ஞாபகம் வருது. ஏன்னா இற-ங்கற வினைக்கு ணும் போட்டாலும் இறக்கணும்தான், இறக்கு-க்கும் இறக்கணும்தான். இங்க ணும் கை குடுக்காது, கட்டளையைத்தான் கேக்கணும்.

"ஒடஞ்சுது", "ஒடச்சுது" ரெண்டும் ஒண்ணுதானே, சும்மா உச்சரிப்பு வித்தியாசம்தானே?

இல்லவே இல்ல, இதால ஒரு பையன் திட்டு வாங்குனான். பாட்டில் பொட்டி வந்து இறங்கும்போது ஒரு பாட்டில் தானா நழுவி விழுந்துடுச்சு. ஓனர் என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கு இவன் "பாட்டில் ஒடச்சேன்"னுட்டான். சொல்ல வந்தது பாட்டில் ஒடஞ்சுது. அவன் பண்ணாத தப்பை அவன் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு, சம்பளத்துல பிடிப்பேன்னு பேச்சு வந்துடுச்சு, நான் போய் விளக்க வேண்டியதாப் போச்சு.

ஒரே உடை-தான், ஆனா ரெண்டு கூட்டத்துலயும் நிக்குது. தானா நடந்தா க்க இல்ல: உடையும், உடையுது, உடைஞ்சுது. ஒருத்தர் செஞ்சா க்க உண்டு: உடைக்கணும், உடைப்பேன், உடைச்சேன். மேல சொன்ன இ, ஐ விதியையே இங்க நீட்டிக்கலாம், க்க இருந்தா ச்ச, க்க இல்லைன்னா ஞ்ச. முடிஞ்சுது, முடிச்சேன். கிழிஞ்சுது, கிழிச்சேன். நனைஞ்சுது, நனைச்சேன். "இன்னும் வேலை முடியல"ன்னா வேலையைச் சொல்றோம், "முடிக்கல"ன்னா ஆளைச் சொல்றோம். கடைல நிக்கறவங்களுக்கு இந்த ஜோடி ரொம்ப முக்கியம், நான் தனியா ரெண்டு சாயங்காலம் இதுக்கே ஒதுக்கறேன், ஒரு பழைய பேப்பரை எடுத்து மேசை விளிம்புல மாட்டி தானா கிழிய விடுவேன், கிழிஞ்சுது. அப்புறம் கையால கிழிப்பேன், கிழிச்சேன். கண்ணால பாத்தா மறக்கறதில்ல.

நம்ம ஏரியால "பேசிகினு கீறான்", "குந்து"ன்னுதான் பேசறாங்க. கத்துக்கறவங்களுக்கு எதைச் சொல்லித்தர்றது?

பேச "பேசிட்டு இருக்கான்" சொல்லித்தரேன், காதுக்கு "பேசிகினு கீறான்" சொல்லித்தரேன். காசிமேட்டுல மீன் வாங்கப் போற பொண்ணுக்கு இது புரியாம முடியாது. உருவாகற விதம் அதேதான், பேசி, படிச்சு, வந்து, அதோட கிட்டு-க்குப் பதிலா கினு. இருக்கான்ங்கறது கீறான், இருக்காங்கங்கறது கீறாங்க, வாலு பாருங்க மாறல.

குந்து பத்தி கேட்டீங்கல்ல, அது எவ்ளோ ஒழுங்கான வினை தெரியுமா. குந்தறேன், குந்துனேன், குந்துவேன், அச்சு அசல் பேசு. உக்காருல உக்கார்றேன், உக்காந்தேன்னு நாக்கு சுத்துது. நம்ம பேச்சைக் கொச்சைன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் பாக்கணும்.

எங்க புள்ள ஸ்கூல்ல எழுத்துத் தமிழ் எழுதணும். பேச்சுல பழகிட்டா பரீட்சைல "படிச்சேன்"னு எழுதிட மாட்டாளா?

மொதல் ரெண்டு மாசம் எழுதுவா. ஆனா திரும்பிப் போற வழி நேர் வழி: ச்ச வந்தா த்த, ஞ்ச வந்தா ந்த, படிச்சேன் படித்தேன், உடைஞ்சது உடைந்தது. பேசுனேன் பேசினேன் ஆகும். ஆங்க போனா ஆர்கள் வரும், பேசினாங்க பேசினார்கள்.

வழுக்கற இடம் செய், பெய், நெய். பேச்சுல செஞ்சேன், பெஞ்சுது, ஆனா எழுத்துல செய்தேன், பெய்தது, ந் கிடையாது. "செய்ந்தேன்"னு எழுதிட்டு வர்ற புள்ளைங்களுக்கு இந்த விதியைக் குடுத்ததே நாமதான்னு ஞாபகம் வச்சுக்கிட்டு, மூணையும் தனியா சொல்லிடுங்க. காய், மேய் மாதிரி நெடில் வந்தா காய்ந்தது, மேய்ந்ததுன்னு ந் ஒழுங்கா வரும்.

அப்போ கட்டம் போட்ட வாய்ப்பாட்டுக்கு வேலையே இல்லையா?

இருக்கு, கடைசில. ஒரு இருபது வினை வாய்ல ஓட ஆரம்பிச்சதும் வெறும் கட்டம் குடுத்து அவங்களையே நிரப்பச் சொல்லுங்க. எங்க காலியா விடறாங்கன்னு பாத்தா எது இன்னும் இறங்கலைன்னு தெரிஞ்சிடும். எனக்கு அனேகமா அது-வோட வரிசைதான் காலியா வரும், போச்சு, ஆச்சு, வந்துச்சு.

இன்னொண்ணு, கொஞ்சம் ஆழமா போக ஆசைப்படறவங்க மதராஸ் பல்கலைக்கழகம் 1924ல இருந்து பகுதி பகுதியா வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டிப் பாருங்க. அதுல ஒவ்வொரு வினைக்குப் பக்கத்துலயும் ஒரு எண் போட்டிருக்கும், அது எந்தக் கூட்டம்னு சொல்ற எண். உடை-தல்னு தேடுனா 4, உடை-த்தல்னு தேடுனா 11. தானா உடையறது நாலு, நாம உடைக்கறது பதினொண்ணு. பாட்டில் கதையை அந்தப் பெரிய புத்தகம் ரெண்டு எண்ல சொல்லிடுது. மாடிக்கு வர்ற பசங்க இப்போ புது வினை ஒண்ணு கேட்டா "அக்கா, இது நாலா பதினொண்ணா?"ன்னுதான் கேக்கறாங்க.